விசா வந்த பிறகு வீட்டில் சொல்லலாமா?

"28 வயது, பத்தாவது பாஸ், ஐடிஐ ஃபிட்டர். ஊர் சிவகங்கைப் பக்கம். துபாயில் 1,500 திர்ஹாம் சம்பளத்தில் இரண்டு வருட வேலை கிடைத்திருக்கிறது, போவதென்று முடிவும் செய்துவிட்டேன். ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்கிறார். விசா வரும்வரை வீட்டில் மூச்சு விடாதே என்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரை, மனைவிக்கு ஏழாவது மாதம். எப்படிச் சொல்வது?"

பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள் தம்பி. ஏஜென்ட் வாயைக் கட்டச் சொல்வது கண்ணேறு பட்டுவிடும் என்பதற்காக அல்ல. வீட்டில் சொன்னால் யாராவது ஒருவர், அநேகமாக உங்கள் மாமனார், "எதுக்கு இவ்வளவு பணம்? ரசீது தருவாரா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயப்படுகிறார்.

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. மீதி 84,600 எதற்கு என்று கேட்டுப் பாருங்கள், "மேலே கொடுக்கணும்" என்று கூரையைக் காட்டுவார். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கும் செலவே முதலாளியுடையது. ஊருக்குள் வந்து பேசுகிறவர் பெரும்பாலும் ஏஜென்டே கிடையாது, சப்-ஏஜென்ட். அவருக்கு மேலே இருக்கும் நிறுவனத்தின் பெயரை வாங்கி emigrate.gov.in தளத்தில் தேடுங்கள். பெயர் இல்லையென்றாலோ, "விசிட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்" என்று பேச்சு வந்தாலோ, வீட்டில் சொல்ல ஒன்றுமே இல்லை. அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

இதில் உங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனால் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அங்கே ஒப்பந்தத்தை ஒருவராவது புரட்டிப் பார்ப்பார். நீங்கள் பத்தாவது பாஸ் என்பதால் அந்த அனுமதி தேவையில்லை. ஏஜென்ட் இதை அதிர்ஷ்டம் என்பார். உண்மையில் உங்கள் தாளை அரசாங்கத்தில் ஒருவரும் பார்க்கப்போவதில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். பத்தாவது பாஸானவன் ஏமாற மாட்டான் என்று எந்த அறிவாளி கண்டுபிடித்தாரோ! 1983-இல் போட்ட சட்டம், இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். ஆகவே அதிகாரி செய்யாத வேலையை உங்கள் குடும்பம் செய்யட்டும். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை உறுதிக் கடிதம் தமிழிலும் உண்டு. அதைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம், படி, வேலை நேரம், விடுப்பு எல்லாம் அதில் இருக்கும். அங்கே போனபின் போடும் ஒப்பந்தம் அதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

முதலில் மனைவியிடம் தனியாகச் சொல்லுங்கள், அப்புறம் இருவருமாக அம்மாவிடம். "மாசம் 35,000 அனுப்புவேன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். திர்ஹாமுக்கு 23 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், கூட வந்தால் லாபம். தங்குமிடம் கம்பெனி தந்தாலும் சாப்பாட்டுக்கு 400, ஃபோன், சோப்பு, மற்ற சில்லறைக்கு 150 என்று போனால் மிச்சம் 950 திர்ஹாம். அதாவது 21,850 ரூபாய். ஏஜென்ட் கேட்டதை இரண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டினால் அதில் மாதம் 2,400 வட்டிக்கே போகும். முதல் சம்பளம் கைக்கு வரவே ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை அம்மாவின் மாத்திரைக்கும் பிரசவச் செலவுக்கும் எந்தப் பணம் என்பதை எடுத்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்கு வேண்டிய தைரியம் அந்தப் பணம்தான்.

பிரசவத்துக்கு வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு வருடம் முடிந்தால் 30 நாள் விடுப்பு உண்டு. ஆனால் பல கம்பெனிகள் டிக்கெட் தருவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். சேரும் தேதியை மூன்று மாதம் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் அதையும் மனைவியிடம் அப்படியே சொல்லுங்கள். அழுவார். அழட்டும். நடுவே புகுந்து இல்லாத சலுகையைச் சொல்லிச் சமாதானப்படுத்த வேண்டாம்.

இன்னொன்று. நான் நடத்தும் பயணப் பயிற்சி வகுப்புக்கு வந்த ஒரு பையன், இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. அந்த அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்ததும் ஏஜென்ட் வீட்டு வாசலில் போய் நின்றார். அங்கே போட்டிம் மாதிரி அனுமதி உள்ள செயலிகள்தான் வேலை செய்யும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதை அம்மாவின் ஃபோனில் போட்டு, அடுத்த அறையிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுப் பழக்குங்கள். பாஸ்போர்ட், விசா, உறுதிக் கடிதம், ஏஜென்டின் ரசீது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து மனைவியின் பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள்.