பலம் போதுமான பீம் ஏன் தொய்கிறது?

"6 மீட்டர் பீமுக்கு Z கணக்குப்படி ஐஎஸ்எம்பி 225 போதும். ஆனால் சார் 250 போடச் சொல்கிறார். ஏன்?"

உங்கள் சார் தொய்வைப் பார்த்திருக்கிறார். இரு முனையிலும் சும்மா தாங்கிய பீம், சுயஎடை சேர்த்து மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று வைப்போம்.

M = wL²/8 = 45 kN·m
Z = M/165 = 273 cm³

ஐஎஸ்எம்பி 200-இல் Z 223.5 தான், 225-இல் 305.9. அதனால்தான் 225-ஐ எடுத்தீர்கள். (165 மெகாபாஸ்கல் என்பது, மேல் ஃபிளாஞ்ச் பக்கவாட்டில் நகராதபடி ஸ்லாப் பிடித்திருந்தால் மட்டும்.)

இனி தொய்வு. இங்கே Z-க்கு வேலையில்லை, I தான் பேசும்:

δ = 5wL⁴/(384EI)

225-இன் I 3441.8 cm⁴, δ 24.5 மிமீ வருகிறது. ஐஎஸ் 800:2007 தரும் வரம்பு L/300, அதாவது 20 மிமீ. தேறாது. அந்த வரம்பு லைவ் லோடுக்கானது. மொத்த லோடையும் வைத்தது என் ஜாக்கிரதை. 250-இல் I 5131.6, δ 16.4 மிமீ. மேலே விரிசல் விடும் பூச்சு இருந்தால் வரம்பு L/360, 16.7 மிமீ, அதற்கும் மயிரிழையில் தேறுகிறது.

M நீளத்தின் இரண்டாம் அடுக்கில் ஏறும், தொய்வு நான்காம் அடுக்கில். நீளப் பீமில் முதலில் I-ஐக் கண்டுபிடிப்பதே என் வழக்கம். பெரும்பாலான தவறு cm⁴-ஐ mm⁴ ஆக்க 10⁴-ஆல் பெருக்க மறப்பதில்தான். விடை மீட்டர் கணக்கில் வந்தால் அங்கே பாருங்கள்.