தொலைநகலில் புள்ளி தொலைந்த பெயர்ப் பட்டியல்

*"சுனாமிக்குப் பின்னர் தொலைநகலில் வந்த வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியல் எங்கள் சங்கக் கணினியில் .tif கோப்பாக இருக்கிறது. எழுத்துகள் நசுங்கியும் ஒட்டியும் கிடக்கின்றன, புள்ளிகளைக் காணவில்லை. எழுத்துணரி மென்பொருளில் போட்டால் குப்பைதான் வருகிறது. தட்டச்சு செய்யாமல் மீட்க வழி உண்டா, ஐயா?"* (வாசகர், திருக்கோவில்)

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். A4 தொலைநகல் பக்கத்தின் அகலம் 1728 படப்புள்ளிகள். உயரம் ஏறத்தாழ 1140 என்றால் அது சாதாரணத் தரத்தில் அனுப்பப்பட்டது. 2280 அளவில் இருந்தால் நுண்தரம். உங்கள் எழுத்துகள் நசுங்கியிருப்பதைக் கேட்டால் முதல் வகை என்றே நினைக்கிறேன். அந்த வகையில் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளிகள், நெடுக்கே 98 வரிகள் மட்டுமே. கோப்பைத் திறக்கும் மென்பொருள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் பக்கம் பாதி உயரத்துக்கு அமுங்கிவிடும். எழுத்துணரியும் அமுங்கிய எழுத்தைத்தான் படிக்க முயல்கிறது.

12 பொயின்ட் எழுத்துக்கு இந்தத் தரத்தில் மேலிருந்து கீழாக மொத்தம் 16 வரிகளே கிடைக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்றோ இரண்டோ வரிகள். அந்த வரி தவறினால் 'தம்பிலுவில்' என்பது 'தமபிலுவில' ஆகிறது. 'ர' தன் கீழ்வாலை இழந்து துணைக்காலாகிறது. 'ே' உடைய மேற்சுழி மை அடைத்து 'ெ' போலத் தெரிகிறது. 'ண', 'ன' இரண்டின் சுழிகளும் ஒரே கறுப்புத் திட்டாகின்றன.

ஆகவே, முதலில் உயரத்தைச் சரிசெய்து பெரிதாக்குங்கள். அதன் பின்னரே கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். இமேஜ்மேஜிக், டெசரக்ட் என்ற இரண்டு இலவசச் செயலிகள் போதும். ஒரு பக்கத்துக்கு:

```
magick list.tif -colorspace Gray -resize 200%x416% -blur 0x2 gray.png
magick gray.png -threshold 65% thick.png
magick gray.png -threshold 40% thin.png
tesseract thick.png thick -l tam --psm 6
tesseract thin.png thin -l tam --psm 6
```

நுண்தரக் கோப்பானால் 416 என்பதற்குப் பதில் 208 இடுங்கள். 65% படியில் கோடுகள் தடித்து, அறுந்தவை இணைகின்றன. 40% படியில் மெலிந்து, ஒட்டிய எழுத்துகள் பிரிகின்றன. இரண்டு குறைகளையும் ஒரே படியில் தீர்க்க முயன்றுதான் பலரும் அலுத்துப்போகிறார்கள். அட்டவணைக் கோடுகள் எழுத்தோடு ஒட்டும் என்பதால் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் ஆகிய நிரல்களைத் தனித்தனியாக வெட்டி ஓட்டுங்கள். மூலம் தாளாகவே இருந்தால் 400 புள்ளிச் செறிவில் சாம்பல்நிற ஸ்கேன் எடுங்கள். பளபளப்பான பழைய வெப்பத்தாளை லெமினேட் செய்யப்போகாதீர்கள், முழுதும் கறுத்துவிடும்.

இரண்டு வெளியீடுகளும் வேறுபடும் இடங்களைக் கண்ணால் பாருங்கள். ஒத்துப்போகும் இடங்களையும் முழுதாக நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே தொலைநகலிலிருந்து பிறந்தவை. அதில் இல்லாத வாலை எந்தச் செயலியும் கொண்டுவராது. ஊர்ப்பெயர் பிரச்சினை இல்லை. உங்கள் பிரதேசத்து ஊர்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இலக்கங்களில்தான் ஆபத்து. அவற்றில் தவறு இருந்தாலும் படிக்கும்போது சந்தேகம் எழாது. ஆனால் அடையாள அட்டை இலக்கத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. பழைய ஒன்பது இலக்க முறையில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் என்றே கணக்கு. பெண்ணானால் அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும்.

நவம்பர் 15இல் பிறந்த ஆணை எடுத்துக்கொள்வோம். ஒக்டோபர் முடிவு வரை 305 நாட்கள், அதோடு 15 சேர்த்தால் 320. தொலைநகலில் 3 இன் இடப்பக்க வாய் மூடி 8 ஆகிவிட்டால் 820 என்று வரும். 500 ஐக் கழித்தால் மறுபடி 320. பிறந்த திகதியை மட்டும் ஒப்பிடுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். பால் என்ற நிரலில் 'ஆண்' என்று இருப்பதுதான் தவறைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே திகதி, பால் இரண்டையும் சேர்த்தே சரிபாருங்கள். 367 முதல் 500 வரையான எண்ணோ 866 ஐத் தாண்டிய எண்ணோ வந்தால் வேறு ஆதாரம் தேவையில்லை, அது பிழையான வாசிப்பு. இறுதி நான்கு இலக்கங்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றை அட்டையோடு நேரில் ஒப்பிட வேண்டும்.

ஆட்களின் பெயர்களை அகராதி கொண்டு திருத்தாதீர்கள். 'சண்முகம்', 'சன்முகம்' என்று இரண்டு விதமாகவும் பதிந்தவர்கள் இருக்கிறார்கள், எது அவருடையது என்பதை மங்கிய சுழி சொல்லாது. ஐயமான பெயருக்கு அருகில் கேள்விக்குறி இட்டு, அந்த வரியின் படத்தையும் வெட்டி ஒட்டி, பதிவேட்டை வைத்திருப்பவரிடம் கேளுங்கள்.