உயர இழப்பு 5 கிலோமீட்டரா?

"25 மி.மீ. குழாய், 100 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெய், வேகம் 1 மீ/வி. 10 மீட்டர் நீளத்துக்கு உயர இழப்பு 5 கிலோமீட்டர் என்று வருகிறது. எங்கே தவறு?"

ரெனால்ட்ஸ் எண்ணில்தான். 1×25/100 = 0.25 என்று போட்டிருப்பீர்கள். 1 சென்டிஸ்டோக்ஸ் என்பது 10⁻⁶ மீ²/வி; விட்டமும் மீட்டரில் இருக்க வேண்டும். அப்போது Re = 1×0.025/0.0001 = 250. இது 2,300-க்கு வெகு கீழே, ஆகவே சீரோட்டம்; உராய்வுக் குணகம் f = 64/Re = 0.256. டார்சி சூத்திரம் h = f(L/D)(V²/2g) சுமார் 5.2 மீட்டர் தரும்.

உங்கள் தவறாவது கண்ணில் படுகிறது. இதைவிட மோசமானது வேதிப்பொறியியல் நூல்களில் வரும் 16/Re. அது ஃபேனிங் குணகம். டார்சி சூத்திரத்தில் அப்படியே இட்டால் 1.3 மீட்டர் வரும், யாருக்கும் சந்தேகம் எழாது.

எண்ணெய் சூடாகி 10 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கினால் Re 2,500 ஆகிவிடும். அங்கே 64/Re செல்லாது.