மூன்று நோட் சர்க்யூட்: டிடர்மினன்ட்டுக்குப் போகும் முன்னால் பார்க்க வேண்டியது

கேள்வி: மூன்று நோட் ரெசிஸ்டர் சர்க்யூட்டில் மேட்ரிக்ஸ் வரைக்கும் வந்துவிடுகிறேன். டிடர்மினன்ட் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. எங்கே தப்பு?

நீங்கள் டிப்ளமோ இரண்டாம் வருடம் அல்லது பொறியியல் முதல் வருடம் என்று வைத்துக்கொள்கிறேன். +2-வில் அணிக்கோவை போட்டவர்தானே, அதனால் டிடர்மினன்ட் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. மேட்ரிக்ஸ் எழுதும் இடத்திலேயே கெட்டுப்போகிறது என்பது என் கணிப்பு. பாலக்கோட்டில் இருக்கும் என் சித்தப்பா பையனுக்கும் இதே பிரச்சினைதான், அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கையே இங்கே தருகிறேன்.

கிரவுண்டைத் தவிர மூன்று நோட். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் 2, ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் 4. கிரவுண்டுக்கு முதல் நோட்டிலிருந்து 2, இரண்டாவதிலிருந்து 2, மூன்றாவதிலிருந்து 4. ஒரு கரண்ட் சோர்ஸ் முதல் நோட்டுக்குள் 16 மில்லி ஆம்பியரைத் தள்ளுகிறது, இன்னொன்று மூன்றாவது நோட்டிலிருந்து 1 மில்லி ஆம்பியரைக் கிரவுண்டுக்கு இழுக்கிறது. கிலோ ஓம், மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் விடை நேராக வோல்ட்டில் வரும், ஆயிரத்தால் பெருக்கி வகுக்கும் வேலையே இல்லை.

இதை நேரே படத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். மூலைவிட்டத்தில் அந்த நோட்டைத் தொடும் எல்லா ரெசிஸ்டர்களின் கண்டக்டன்ஸ் கூட்டல், மற்ற இடங்களில் இரண்டு நோட்டுக்கும் நடுவில் இருப்பது மட்டும் மைனஸ் குறியுடன். முதல் நோட்டுக்கு 1 + 1/4 + 1/2, அதாவது 1.75. இப்படியே 1.75, 0.5, 0.25 என்று தசமத்தோடு டிடர்மினன்ட்டுக்குள் நுழைந்தால் நடுவில் எங்கோ ஒரு புள்ளி நகரும், உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லா வரியையும் 4-ஆல் பெருக்குங்கள். வலது பக்கத்தையும் சேர்த்துப் பெருக்க வேண்டும், அதை விட்டால் விடை எல்லாம் கால்பங்காக வந்து நிற்கும்.

```
|  7  -4  -1 | |V1|   | 64 |
| -4   8  -2 | |V2| = |  0 |
| -1  -2   4 | |V3|   | -4 |
```

கடைசியில் இருக்கும் அந்த -4-ஐப் பாருங்கள். சோர்ஸின் அம்பு நோட்டுக்குள் வந்தால் பிளஸ், வெளியே போனால் மைனஸ். மூன்றாவது நோட்டில் வெளியே போகிறது.

இப்போது டிடர்மினன்ட்டைத் தொடாமல் இரண்டு சோதனை. ஒன்று, மூலைவிட்டத்துக்கு இரண்டு பக்கமும் எண்கள் கண்ணாடியில் பார்த்தது போல ஒன்றாக இருக்க வேண்டும். சார்பு சோர்ஸ் இருந்தால் இது பொருந்தாது என்று யாராவது வந்து சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், இங்கே வெறும் ரெசிஸ்டரும் தனி சோர்ஸும்தான். இன்னொன்று, ஒவ்வொரு வரியையும் கூட்டுங்கள். 2, 2, 1 வருகிறது. அதை 4-ஆல் வகுத்தால் அரை, அரை, கால். அதாவது கிரவுண்டுக்குப் போகும் 2, 2, 4 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள். வரிக்கூட்டல் கிரவுண்ட் ரெசிஸ்டரோடு பொருந்தவில்லை என்றால் அந்த வரியில் எதையோ விட்டிருக்கிறீர்கள். எந்த நோட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ரெசிஸ்டரே இல்லாவிட்டால் எல்லா வரிக்கூட்டலும் சைபர் ஆகும், மேட்ரிக்ஸின் டிடர்மினன்ட்டான Δ-வும் சைபர்தான், அந்தச் சர்க்யூட்டுக்கு ஒரே விடை என்று ஒன்று கிடையாது.

சரி, டிடர்மினன்ட். முதல் வரியை வைத்து விரித்தால்:

```
Δ  = 7(32-4) + 4(-16-2) - 1(8+8) = 196 - 72 - 16 = 108
Δ1 = 64(32-4) + 4(0-8) - 1(0+32) = 1728
```

Δ1 என்பது முதல் நெடுவரிசையை எடுத்துவிட்டு அங்கே 64, 0, -4 வைத்தது. இரண்டாவது நெடுவரிசையில் வைத்தால் Δ2 = 1080, மூன்றாவதில் வைத்தால் Δ3 = 864. 108-ஆல் வகுத்தால் V1 = 16, V2 = 10, V3 = 8 வோல்ட்.

விடையைத் திரும்ப மேட்ரிக்ஸில் போட்டுப் பார்ப்பது கூட்டல் பெருக்கலை மட்டும்தான் சோதிக்கும். -4-க்குப் பதிலாக +4 எழுதியிருந்தாலும் அந்தத் தப்பு மேட்ரிக்ஸுக்கு அந்தத் தப்பு விடை அழகாகப் பொருந்தும். படத்துக்குத் திரும்புங்கள். மூன்றாவது நோட்டுக்கு ஒன்றிலிருந்து (16-8)/4 = 2 வருகிறது, இரண்டிலிருந்து (10-8)/2 = 1 வருகிறது. கிரவுண்டுக்கு 8/4 = 2 போகிறது, சோர்ஸ் இழுப்பது 1. வந்தது 3, போனது 3.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நான் தர்மபுரி பக்கம் டிப்ளமோ படித்தபோது மேட்ரிக்ஸை இப்படிப் படத்திலிருந்து நேரே எழுதியதற்கு ஒரு தேர்வில் பாதி மதிப்பெண் போனது, மூன்று சமன்பாட்டையும் முதலில் எழுதவில்லையாம். விடை சரி, சரிபார்ப்பும் எழுதியிருந்தேன். அதனால் தேர்வில் மட்டும் மூன்று கே.சி.எல். வரியை எழுதிவிட்டு மேட்ரிக்ஸுக்கு வாருங்கள். அது மட்டுமில்லை, லேபில் நல்ல பவர் சப்ளை இருந்தது, ஆய்வுக்கு ஆள் வரும் நாளில்தான் பீரோ திறக்கும். நாங்கள் மூன்று வருடம் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். இன்றைக்கும் பல இடங்களில் அப்படித்தான் என்று பையன்கள் சொல்கிறார்கள், எனக்கு அது ஆறவே இல்லை.

அந்தக் கோபத்தில்தான் தம்பிக்காக இதே சர்க்யூட்டை வீட்டில் பிரெட்போர்டில் போட்டேன். கரண்ட் சோர்ஸ் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். 16 மில்லி ஆம்பியரும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் 2 கிலோ ஓமும் சேர்ந்து, 32 வோல்ட் சப்ளைக்குத் தொடராக 2 கிலோ ஓம் போட்டதற்குச் சமம். அதே மாதிரி மூன்றாவது நோட்டில் மைனஸ் 4 வோல்ட்டும் தொடராக 4 கிலோ ஓமும். சாதாரண சப்ளை 30 வோல்ட்டைத் தாண்டாது, அதனால் இரண்டையும் பாதியாக்கி 16, மைனஸ் 2 என்று வைத்தேன் (மைனஸுக்கு, இரண்டாவது சப்ளையின் பிளஸ் முனையைக் கிரவுண்டில் சேர்க்க வேண்டும்). எல்லாமே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகச் சேர்த்துச் செய்யலாம், மொத்தம் 15 போதும். மீட்டரில் 8, 5, 4 வோல்ட்டுக்கு மிக அருகில் வந்தது, ரெசிஸ்டரின் 5 சதவீத வித்தியாசம் இருப்பதால் அச்சாக வராது. தம்பி அதற்கப்புறம் அம்புக்குறியைப் பார்க்காமல் வலது பக்கத்தை எழுதுவதே இல்லை.

காஸ் முறை சுருக்கம், கால்குலேட்டரே மூன்று சமன்பாட்டைத் தீர்க்கும் என்று சிலர் கீழே எழுதுவார்கள். உண்மைதான், நான்கு நோட்டுக்கு மேல் போனால் நானும் அணிக்கோவையைத் தொட மாட்டேன். ஆனால் மூன்று நோட்டில், கேள்வி ஒரே ஒரு வோல்டேஜை மட்டும் கேட்டால், Δ-வும் அதற்கான ஒரு டிடர்மினன்ட்டும் போதும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஓடும் கரண்ட் கேட்டால் Δ2, Δ3 போட்டு (10-8)/2 = 1 மில்லி ஆம்பியர் என்று முடித்துவிடலாம், Δ1 பக்கம் போகவே வேண்டாம்.