கெட்டியான மணல் கிடைத்துவிட்டால் கிணற்றை நிறுத்தலாமா?

கேள்வி: யமுனையில் கட்டும் பாலம் ஒன்றில் ஜூனியர் என்ஜினியராக இருக்கிறேன். படுகை மட்டம் 201 மீட்டர். வரைபடத்தில் உச்ச வெள்ள மட்டம் 208.7, கிணற்று அஸ்திவாரத்தின் அடிமட்டம் 185. வடிவமைப்பு வெள்ளம் மீட்டர் அகலத்துக்கு வினாடிக்கு 16 கனமீட்டர், மணல் 0.25 மி.மீ. என்று குறிப்பு. 191 மட்டத்திலேயே மணல் நன்றாகக் கெட்டியாகிவிட்டது, கிணறு இறங்க மறுக்கிறது. “இங்கேயே அடைத்துவிடலாம்” என்கிறார் கான்ட்ராக்டர். சம்மதிக்கலாமா? (மயூர் விஹார், டெல்லி)

பதில்: சம்மதிக்கக் கூடாது. 191 என்பது, வெள்ள உச்சத்தில் அந்தத் தூணருகே படுகை இறங்கி நிற்கும் மட்டமேதான். உங்கள் எண்களையே வைத்துப் பார்ப்போம்.

ஐ.ஆர்.சி. 78 விதிநூல் பயன்படுத்தும் லேசி சூத்திரம் இது:

```
dsm = 1.34 × (Db² / Ksf)^(1/3)
Ksf = 1.76 × √dm
```

Db மீட்டர் அகலத்துக்கான நீரோட்டம், dm மணல்துகளின் சராசரி அளவு மி.மீட்டரில். 0.25 மி.மீ. மணலுக்கு Ksf 0.88. ஆகவே dsm, அதாவது சராசரி அரிப்பு ஆழம், சுமார் 8.9 மீட்டர். தூணருகே இதை இரட்டிப்பாக்க வேண்டும், 17.8 மீட்டர். இந்த ஆழம் படுகையிலிருந்து அல்ல, வெள்ள மட்டத்திலிருந்து அளக்கப்படுவது. 208.7-இல் 17.8 போனால் 190.9. அதற்கும் கீழே, அந்த 17.8-இல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5.9 மீட்டர், கிணறு மண்ணுக்குள் பிடிப்போடு நிற்க வேண்டும். அப்படித்தான் 185 வந்தது. கான்ட்ராக்டர் சொல்லும் இடத்தில் நிறுத்தினால் மிஞ்சும் பிடிப்பு பூஜ்யம்.

மணல் கெட்டியாக இருக்கிறதே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் சூத்திரத்தில் துகளின் அளவு இருக்கிறது, கெட்டித்தன்மைக்கு இடமே இல்லை. களிமண்ணைப் போல மணல்துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதில்லை. தூணில் மோதும் நீரில் ஒரு பகுதி தூணின் முகத்தை ஒட்டிக் கீழே பாய்ந்து படுகையைக் குடைகிறது, பிறகு இரு பக்கமும் குதிரைலாட வடிவில் சுழன்று கிளறிய மணலை வாரிச் செல்கிறது. நெருக்கமாக இறுகிய மணலும் அந்தச் சுழலுக்கு அடுக்கடுக்காகக் கரைந்துபோகும். இன்று அந்த மணலுக்குத் தாங்குதிறன் இருப்பதற்குக் காரணமே, அதன் மேல் இருக்கும் 10 மீட்டர் மணலின் பாரம். அந்தப் பாரம் அரித்துப் போனால் தாங்குதிறனும் பெருமளவு போய்விடும். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளும்போது கிணற்றைப் பிடித்து நிறுத்த மண்ணும் இருக்காது.

இந்தக் குழியை நாம் பார்ப்பதே இல்லை என்பதுதான் இதில் மிகவும் ஆபத்தானது. உச்சத்தில் ஆழமாகும் குழி, வெள்ளம் வடியும்போது மேலிருந்து வரும் மணலால் நிரம்பிவிடுகிறது. பழைய ரயில் பாலத்தருகே யமுனை 2023 ஜூலையில் 208.66 மீட்டரைத் தொட்டது. அந்தக் குளிர்காலத்தில் போய்ப் பார்த்தவருக்குச் சமமான படுகைதான் தெரிந்திருக்கும். பழைய தூண் ஒன்றின் அருகே துளையிடும்போது மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் எஸ்.பி.டி. எண்ணிக்கை பல மீட்டர் ஆழம் வரை குறைவாகவே இருந்து, பிளாஸ்டிக் துண்டும் செங்கல் சில்லும் வெளியே வந்தால், அந்த ஆழம் வரை படுகை ஒரு முறை அரித்து நிரம்பியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

சூத்திரத்துக்கும் எல்லைகள் உண்டு. தூணின் அகலமும், நீர் சாய்வாக வந்து மோதும் கோணமும் அதில் நேரடியாக இல்லை. படுகை இறங்க இறங்க, மெலிந்த தூணுக்குப் பதில் தடித்த கிணறே நீரை எதிர்கொள்ளும், குழி இன்னும் பெரிதாகும். மீட்டருக்கு 16 கனமீட்டர் என்பது சராசரி. ஆறு ஒரு கரையோரம் ஒதுங்கி ஓடினால் அங்குள்ள தூண்களுக்கு அது கூடும். ஆகவே உங்கள் தூண் ஆழமான ஓடையில் இருக்கிறதா என்பதை வடிவமைப்பாளரிடம் கேளுங்கள். பாறையோ களிமண்ணோ தென்பட்டால் அந்த மட்டத்தையும் மாதிரியையும் அனுப்பி, மறுகணக்கை எழுத்தில் வாங்குங்கள். அங்கே லேசி பொருந்தாது.

வெறும் மணல்தான் என்றால் கிணற்றை இறக்குவதற்கு வழி தேடுவதே வேலை. கிணற்றின் அடிவிளிம்பான கட்டிங் எட்ஜின் அடியில் மணலைச் சுற்றிலும் சமமாக எடுக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தோண்டினால் கிணறு சாய்ந்து சிக்கிக்கொள்ளும். சுவரின் வெளிப்பக்க உராய்வுதான் பிடித்து வைத்திருக்கிறது என்றால் வாட்டர் ஜெட் விட்டு, மேலே பாரம் ஏற்றலாம். ஒரேயடியாக உள்ளேயுள்ள நீரை இறைத்து இறக்கப் பார்க்காதீர்கள். வெளிமணல் கொப்பளித்து உள்ளே பாய்ந்து கிணறு திடீரென்று இறங்கும், உள்ளே ஆள் இருந்தால் உயிர் போய்விடும்.