100 செல்லில் 18-ல்தான் பார் உறுப்பு தெரிந்தால்

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செய்முறை வகுப்பில் என் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி ஸ்லைடு போட்டேன். 100 செல்களில் 18-ல்தான் பார் உறுப்பு தெரிந்தது. பெண் என்றால் எல்லாச் செல்லிலும் இருக்க வேண்டாமா? எனக்கு ஏதாவது குறையா சார்?

பதில்: பயப்படாதீர்கள். கன்னச் செல் ஸ்லைடில் இருபது, முப்பது சதவீதம் தெரிந்தாலே நல்ல ஸ்லைடு என்போம். மீதிச் செல்களில் பார் உறுப்பு இல்லாமல் இல்லை. உங்கள் கண்ணுக்குப் படவில்லை, அவ்வளவுதான்.

பார் உறுப்பு என்பது வேலை செய்யாமல் அடங்கிச் சுருண்ட ஒரு எக்ஸ் குரோமோசோம். ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள சிறு புள்ளி. பெரும்பாலும் உட்கருச் சவ்வின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்லைடில் செல் தட்டையாகப் படியும்போது புள்ளி ஓரத்தில் அமைந்தால் தெளிவாகத் தெரியும். உட்கருவின் மேல்பக்கமோ அடிப்பக்கமோ அமைந்தால் மற்ற குரோமாட்டினோடு கலந்து மறைந்துவிடும்.

அந்தப் புள்ளி உருவாவதே ஒரு சமநிலைக்காக. எக்ஸ் குரோமோசோமில் 800-க்கும் மேற்பட்ட ஜீன்கள் உண்டு. ஒய்யில் அதில் சிறு பங்குதான். பெண்ணின் இரண்டு எக்ஸும் முழுமூச்சாக வேலை செய்தால் எக்ஸ் ஜீன்களின் புரதம் ஆணைவிட இரு மடங்கு உருவாகும். அதனால் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அடங்கிவிடுகிறது. அடங்கப்போகும் குரோமோசோமே எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ.வை உற்பத்தி செய்து, அதைத் தன்மேல் நீளப் போர்த்திக்கொள்கிறது. பிறகு வரும் புரதங்கள் அதை இறுக்கிச் சுருட்டுகின்றன. சாயம் ஏற்றும்போது அடர்த்தியாகத் தெரிவது இந்த இறுக்கம்தான். ஆனால் முழு உறக்கம் அல்ல. சில ஜீன்கள் அதிலும் விழித்தே இருக்கின்றன.

தந்தை தந்த எக்ஸா, தாய் தந்ததா என்பது மனிதரில் குலுக்கல் முறைதான். ஒருமுறை முடிவானால் அந்தச் செல்லின் வாரிசுகள் அதையே பின்பற்றும். 1961-ல் மேரி லயன் சொன்ன கருத்து இது. முர்ரே பாரும் பெர்ட்ராமும் 1949-லேயே புள்ளியைக் கண்டுவிட்டார்கள், அதுவும் பூனையின் நரம்புச் செல்லில்! எத்தனை எக்ஸ் இருந்தாலும் ஒன்றுதான் விழித்திருக்கும். ஆகவே எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணுக்கு ஒரு பார் உறுப்பு, எக்ஸ்எக்ஸ்எக்ஸ் பெண்ணுக்கு இரண்டு, ஒரே எக்ஸ் உள்ள டர்னர் பெண்ணுக்கு எதுவுமில்லை.

மறுபடி எண்ணும் முன் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். முதல் சுரண்டலில் செத்த செல்களே அதிகம் வரும். அதைத் துடைத்தெறிந்து, அதே இடத்தில் இரண்டாவது முறை அழுத்திச் சுரண்டுங்கள். ஸ்லைடு காயும் முன்பே 95% ஆல்கஹாலில் போட வேண்டும். காய்ந்தால் உட்கருவின் நுண்விவரம் மங்கிவிடும். இந்த இடத்தில்தான் மாணவர்கள் அதிகம் கோட்டை விடுவார்கள். அசெட்டோ ஆர்சினில் சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் பாருங்கள். சுருங்கிக் கறுத்தவை, மடிந்தவை எதையும் எண்ணாதீர்கள்.

வாயில் உள்ள பாக்டீரியாவும் இதே அளவில் ஏமாற்றும். ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்புங்கள்: உட்கருவோடு சேர்ந்தே தெளிவானால் பார் உறுப்பு, உட்கரு மங்கிய பிறகு தெளிந்தாலோ, உட்கருவுக்கு வெளியிலும் அதேபோல் புள்ளிகள் கிடந்தாலோ பாக்டீரியா. வகுப்பில் படிக்கும் ஆண் ஒருவரின் ஸ்லைடையும் சேர்த்து, பெயரை மறைத்து எண்ணுங்கள். ஒரே எக்ஸ் உள்ள ஆணுக்குப் பார் உறுப்பு இருக்காது. அவருடையதில் ஐந்தாறு "தெரிந்தால்" உங்கள் 18-லும் கொஞ்சம் பாக்டீரியா இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஸ்லைடை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. குரோமோசோம் எண்ணிக்கையைச் சொல்ல இரத்தத்தில் செய்யும் காரியோடைப் பரிசோதனைதான் வேண்டும்.