கோட்டோவியத்துக்குள் ஒளிந்து போகும் நிறம்: ஜோடியில்லாப் பட மாற்றம் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கோட்டோவியத்தைப் புகைப்படமாகவும், புகைப்படத்தைக் கோட்டோவியமாகவும் மாற்றும் சைக்கிள்கேன் என்ற நரம்பு வலை முறை பற்றியவை. பலரும் காலணிப் படங்களையே எடுத்துக்கொண்டிருப்பதால், பதில்களிலும் அந்த எடுத்துக்காட்டையே பின்பற்றுகிறேன். A என்பது புகைப்படம், B என்பது கோட்டோவியம்.

கேள்வி: என்னிடம் ஒரு கோப்புறையில் காலணிப் புகைப்படங்களும் இன்னொன்றில் காலணி ஓவியங்களும் உள்ளன. எந்த ஓவியமும் எந்தப் புகைப்படத்துக்கும் உரியதல்ல. இதிலிருந்து கணினி எதைத்தான் கற்கும்?

ஜோடிகள் இருந்தால், இந்த ஓவியத்துக்கு இதுதான் விடை என்று நேரடியாகக் காட்டிப் பயிற்றுவிக்கலாம். ஜோடி இல்லாதபோது நம்மிடம் மிஞ்சுவது, ‘ஓவியங்கள் பொதுவாக இப்படித்தான் இருக்கும், புகைப்படங்கள் பொதுவாக இப்படித்தான் இருக்கும்’ என்ற அறிவு மட்டுமே. ஒவ்வொரு பக்கத்துக்கும், அசலையும் போலியையும் பிரித்துப் பார்க்கும் டிஸ்கிரிமினேட்டர் என்ற வலை ஒன்று அந்த அறிவைக் காவல் காக்கிறது. ஆனால் அதற்குத் தன்முன் நிற்பது ஓவியம் போல் உள்ளதா என்று மட்டுமே தெரியும். நாம் கொடுத்த அதே காலணியின் ஓவியமா என்று தெரியாது. ஆகவே, விளையாட்டுக் காலணியைக் கொடுத்தால், படத்தை மாற்றித் தரும் வலையாகிய ஜெனரேட்டர் அழகான செருப்பு ஒன்றை வரைந்து கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ள முடியும்.

அதைத் தடுக்கவே சுழற்சி நிபந்தனை வந்தது. புகைப்படத்தை ஓவியமாக்கும் ஜெனரேட்டருடன், ஓவியத்தைப் புகைப்படமாக்கும் இன்னொரு ஜெனரேட்டரையும் சேர்த்துப் பயிற்றுவித்து, போய்த் திரும்பிய படம் புறப்பட்ட படத்தோடு புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அளந்து, அந்த வேறுபாட்டுக்கு 10 மடங்கு எடை கொடுத்துத் தண்டிக்கிறோம். பெர்க்லியைச் சேர்ந்த ஜுன்-யான் ஜூ, டேசுங் பார்க், ஃபிலிப் ஐசோலா, அலெக்ஸி எஃப்ரோஸ் ஆகியோர் 2017-இல் வெளியிட்ட முறை இது. டிஸ்கோகேன், டூயல்கேன் என்ற பெயர்களில் வேறு இரு குழுக்களும் அதே ஆண்டில் ஏறத்தாழ இதே யோசனைக்கு வந்து சேர்ந்தன.

இந்த நிபந்தனை சரியான பொருத்தத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் ஜெனரேட்டர் படத்தை இடவலமாகத் திருப்பி, இரண்டாவது அதை மீண்டும் திருப்பினாலும், அந்த வேறுபாட்டை அளக்கும் சுழற்சி இழப்பு சுழிதான். நடைமுறையில் அப்படி நேராததற்குக் காரணம், இந்த வலைகளின் அமைப்பில் உள்ளதை உள்ள இடத்திலேயே வைப்பது எளிது, இடம் மாற்றுவது கடினம் என்பதுதான். எளிதான இடத்தில் மாறிப்போவதும் உண்டு: தெருக்காட்சிகளின் வண்ண வரைபடங்களில் மரத்துக்கும் கட்டடத்துக்கும் உரிய நிறங்கள் தம்முள் இடம் மாறிக்கொள்வதை அந்தக் கட்டுரையாளர்களே ஒரு குறையாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: சிவப்புக் காலணியின் புகைப்படம் கறுப்புக் கோடுகளாக மாறி, பிறகு அதே சிவப்போடு அச்சு அசலாகத் திரும்பி வருகிறது. நீலம் கொடுத்தால் நீலமே வருகிறது. என் மாதிரி நன்றாகக் கற்றுவிட்டது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. கவலைப்பட வேண்டிய அறிகுறி இது.

ஒரே வடிவமுள்ள சிவப்புக் காலணியையும் நீலக் காலணியையும் கறுப்புக் கோடுகளில் வரைந்தால் ஒரே ஓவியம்தான் கிடைக்க வேண்டும். அந்த ஓவியத்தை மட்டும் பார்க்கும் ஜெனரேட்டருக்கு எது சிவப்பு, எது நீலம் என்று தெரிய வழியில்லை. நேர்மையாக நடந்தால், பயிற்சிப் படங்களில் மிகுதியாக உள்ள ஏதோ ஒரு மங்கலான நிறத்தைத்தான் அது இரண்டுக்கும் பூசும். சரியான நிறம் திரும்பி வருகிறதென்றால், அந்த நிறம் ஓவியத்தின் வழியாகவே பயணம் செய்திருக்கிறது என்று பொருள்.

நம் கண்ணுக்கு வெறும் வெள்ளையாகத் தெரியும் தாளில் அதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 256×256 அளவுள்ள படத்தில் 65,536 புள்ளிகள். மூன்று நிறத்தடங்களையும் சேர்த்தால் 1,96,608 எண்கள். தூய வெள்ளையாகிய 255-க்குப் பதிலாக ஒவ்வோர் எண்ணும் 253, 254, 255 என்ற மூன்றில் ஒன்றாக இருக்கலாம் என்று வைத்துக்கொண்டால், ஓர் எண்ணுக்குச் சுமார் 1.58 பிட் வீதம் ஏறத்தாழ 38 கிலோபைட் செய்தியை எழுத முடியும். அந்த அளவுள்ள காலணிப் படம் ஒன்றை ஜேபெக் கோப்பாக அடக்குவதற்கு இது தாராளம். பயிற்சியின்போது நிலைமை இன்னும் மோசம்: இடைப்பட்ட ஓவியம் முழு எண்களாகச் சுருக்கப்படாமல் தசம எண்களாகவே அடுத்த ஜெனரேட்டருக்குப் போகிறது.

இதை 2017-லேயே கேசி சூ, ஆண்ட்ரே ஜ்மோகினோவ், மார்க் சாண்ட்லர் மூவரும் எடுத்துக்காட்டினர். வான்வழிப் படத்தை வரைபடமாக்கி மீண்டும் வான்வழிப் படமாக்கியபோது, வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்த கூரையின் மீது, மூலப்படத்திலிருந்த சிறு கரும்புள்ளிகள் மீண்டும் வந்து உட்கார்ந்தன. வரைபடத்தின் நுண்ணிய வேறுபாடுகளைப் பெரிதுபடுத்திப் பார்த்தபோது, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய அலைவடிவத்தில் அந்த விவரம் எழுதப்பட்டிருந்தது. யாரும் கற்றுக்கொடுக்காமலேயே இரு ஜெனரேட்டர்களும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட சங்கேத மொழி அது. தேர்வில் பிட் எழுதுபவர்களை நினைவூட்டுகிறது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். இங்கே எழுதிக் கொடுப்பவருக்கும் பார்த்து எழுதுபவருக்கும் சேர்த்தே மதிப்பெண் போகிறது என்பதுதான் வேறுபாடு.

உங்கள் மாதிரியைச் சோதிக்கச் சில வரிகள் போதும். இவற்றில் `G_A` புகைப்படத்தை ஓவியமாக்கும் ஜெனரேட்டர், `G_B` ஓவியத்தைப் புகைப்படமாக்கும் ஜெனரேட்டர்:

```python
fake_B = G_A(real_A)
noisy  = (fake_B + 0.02 * torch.randn_like(fake_B)).clamp(-1, 1)
rec_1  = G_B(fake_B)
rec_2  = G_B(noisy)
```

இங்கே புள்ளிகளின் மதிப்பு −1 முதல் 1 வரை செல்வதால், 0.02 என்பது 256 படிகளில் ஏறத்தாழ இரண்டரைப் படி மட்டுமே. கோடுகளில் எந்த மாற்றமும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. `rec_1` சிவப்பாகவும் `rec_2` பழுப்பாகவோ கறை படிந்தோ வந்தால், நிறம் ஒளித்துக் கடத்தப்பட்டது உறுதி. இரண்டும் ஒன்றுபோல் வந்து, இரண்டிலும் நிறம் மூலத்திலிருந்து வேறுபட்டிருந்தால், ஜெனரேட்டர் கோடுகளை நம்பித்தான் வேலை செய்கிறது.

கேள்வி: பயிற்சியில் எல்லாம் நன்றாக வந்தது. நானே பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்த ஓவியத்தைக் கொடுத்தால் மட்டும் சேறு பூசியதுபோல் வருகிறது. ஏன்?

மேலே சொன்னதன் நேரடி விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வரைந்த தாளில் சங்கேதம் எதுவும் இல்லை. சங்கேதத்தை வாசித்தே பழகிய ஜெனரேட்டர் அது இல்லாத இடத்தில் தடுமாறுகிறது. ஸ்கேனரின் மெல்லிய நிழலையும் தாளின் சொரசொரப்பையும் அது சங்கேதமாகவே வாசிக்க முயல்வதும் உண்டு. கோட்டின் தடிமன் பயிற்சி ஓவியங்களோடு ஒத்துப் போகிறதா, பின்னணி முழு வெள்ளையாக இருக்கிறதா என்பதை முதலில் சரிபாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சேறுதான் வருகிறதென்றால் பயிற்சியையே மாற்றியாக வேண்டும்.

மாற்றும்போது நினைவில் கொள்ள வேண்டியது, இரண்டு சுழற்சிகளும் சமமானவை அல்ல என்பது. ஓவியத்திலிருந்து புகைப்படத்துக்குப் போய் ஓவியத்துக்கே திரும்பும் சுற்றில் எதையும் ஒளிக்கத் தேவையில்லை, ஏனெனில் கோடுகள் எல்லாமே புகைப்படத்தின் விளிம்புகளில் வெளிப்படையாகவே தங்கிவிடும். அந்தச் சுற்றின் எடையை 10 என்றே விட்டுவிடலாம். புகைப்படத்தில் தொடங்கி ஓவியம் வழியாகத் திரும்பும் சுற்றுதான் செய்ய முடியாததைக் கேட்கிறது, அதனால்தான் ஏமாற்று வேலை பிறக்கிறது. இந்தச் சுற்றின் எடையைக் குறைக்க வேண்டும். அசல் ஆசிரியர்களின் பைடார்ச் நிரலில் அது இவ்வாறு அமையும்:

```
python train.py --model cycle_gan --dataroot ./datasets/shoes --name shoes_cyc --input_nc 3 --output_nc 1 --lambda_A 2 --lambda_B 10 --lambda_identity 0
```

`--output_nc 1` என்பது ஓவியத்தை ஒரே தடமுள்ள சாம்பல் படமாக்கி, ஒளிக்கும் இடத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கிறது. ஓவியத்தையே ஓவியமாக்கும் ஜெனரேட்டருக்குக் கொடுத்தால் அது மாறாமல் திரும்ப வேண்டும் என்று கேட்பது அடையாள இழப்பு. இரு பக்கங்களின் தட எண்ணிக்கை வேறுபடும்போது அதைக் கணக்கிட முடியாது என்பதால் `--lambda_identity` சுழியாக இருந்தே ஆக வேண்டும். ஓவியத்தில் காப்பாற்ற நிறமே இல்லாததால் அதில் நட்டமும் பெரிதில்லை. 2 என்ற எண்ணை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். மிகவும் குறைத்தால் ஓவியம் காலணியின் வடிவத்தையே விட்டு விலகத் தொடங்கும், அப்போது சற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

எடையைக் குறைப்பதோடு, `cycle_gan_model.py` கோப்பில் திரும்பிவரும் படத்தைக் கணக்கிடும் வரியிலும் இரைச்சலைச் சேர்க்குமாறு பரிந்துரைக்கிறேன்:

```python
self.rec_A = self.netG_B(self.fake_B + 0.05 * torch.randn_like(self.fake_B))
```

இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டுமானால் ஜெனரேட்டர் தன் சங்கேதத்தை உரக்கச் சொல்ல வேண்டும். உரக்கச் சொன்னால், படத்தை 70×70 புள்ளித் துண்டுகளாகப் பார்க்கும் டிஸ்கிரிமினேட்டரின் கண்ணில் அது பட்டுவிடும். இரு பக்கமும் இப்படி நெருக்கினால்தான் கோடுகளை நம்பும் பழக்கம் வருகிறது. இதற்குப் பிறகு திரும்பிவரும் புகைப்படங்கள் முன்னைவிட மங்கலாகத் தெரியும், சுழற்சி இழப்பின் எண்ணும் உயரும். அதைக் கண்டு பழைய அமைப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

கேள்வி: இழப்பு எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன. எப்போது நிறுத்துவது?

ஜெனரேட்டரும் டிஸ்கிரிமினேட்டரும் மல்லுக்கட்டும் எண்கள் அப்படித்தான் ஆடும். அவற்றைப் பார்த்து முடிவெடுக்க முடியாது. அசல் கட்டுரை, கற்றல் வீதத்தை 0.0002-இல் வைத்துப் பயிற்சித் தொகுப்பு முழுவதையும் 100 சுற்றுகள், பிறகு அதைப் படிப்படியாகச் சுழிக்கு இறக்கி இன்னொரு 100 சுற்றுகள் ஓட்டியது. பயிற்சியில் சேராத, கையால் வரைந்த இருபது ஓவியங்களைத் தனியே வைத்துக்கொண்டு, ஐந்து சுற்றுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: ஒரே ஓவியத்துக்குப் பல நிறங்களில் காலணிகள் வேண்டும். முடியுமா?

சைக்கிள்கேன் ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விடைதான் தரும். 2018-இல் வந்த ஆக்மென்டட் சைக்கிள்கேன், ஓவியத்தோடு சில சமவாய்ப்பு எண்களையும் ஜெனரேட்டருக்குக் கொடுத்து, நிறம் போன்ற விவரங்களை அவற்றில் சுமக்க வைக்கிறது. நிறத்துக்கென்று சட்டப்பூர்வமான ஓர் இடம் கிடைத்துவிடுவதால், அதைக் கோடுகளுக்குள் ஒளித்து வைக்க வேண்டிய தேவையும் குறைகிறது.

கேள்வி: சாட்சிகள் சொல்லக் கேட்டு வரையப்படும் முக ஓவியங்களை இந்த முறையில் புகைப்படமாக்கி ஆளை அடையாளம் காணலாமா?

கூடாது. ஓவியத்தில் இல்லாத தோல் நிறம், மச்சம், வயதின் சுருக்கம் எல்லாவற்றையும் ஜெனரேட்டர் பயிற்சிப் படங்களின் சராசரியிலிருந்து இட்டு நிரப்பும். டிஸ்கிரிமினேட்டர் கேட்பதெல்லாம் அந்த முகம் பயிற்சித் தொகுப்பிலுள்ள முகங்களைப் போல் இருக்கிறதா என்பதையே. இதே கோளாறு மருத்துவப் படங்களில் எவ்வளவு தூரம் போகும் என்பதை ஜோசப் பால் கோஹனும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் செய்து காட்டினர். இலக்குத் தொகுப்பில் புற்றுக்கட்டி உள்ள மூளைப் படங்களை மட்டும் வைத்துப் பயிற்றுவித்தால், கட்டி இல்லாத மூளையிலும் மாதிரி கட்டியைச் சேர்த்தது. கட்டியில்லாத படங்களை மட்டும் வைத்தால் இருந்த கட்டியை அழித்தது. முக ஓவியத்தில் அதே வேலை நடந்தால், பயிற்சித் தொகுப்பில் யாருடைய முகங்கள் மிகுதியோ அவர்களைப் போன்ற ஒருவர்தான் சந்தேக நபராகத் திரையில் தோன்றுவார்.